நீர்மூழ்கியைத் துரத்தப் பிறந்த கணக்கு

1944. இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்த நேரம். அமெரிக்கக் கடற்படையின் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் பிரிவில் வேலை பார்த்த ராபர்ட் ஜி. பிரவுன் என்பவரை நீர்மூழ்கி எதிர்ப்புப் பணிக்கு மாற்றினார்கள். அவருக்குக் கொடுத்த வேலையை ஒரே வரியில் சொல்லிவிடலாம். கடலுக்கடியில் நகரும் நீர்மூழ்கி இப்போது எங்கே இருக்கிறது, இன்னும் சில விநாடிகளில் எங்கே இருக்கும் என்று சொல்ல வேண்டும். மேலே மிதக்கும் நாசகாரிக் கப்பலிலிருந்து போடும் டெப்த் சார்ஜ் குண்டு, தண்ணீருக்குள் இறங்கி வெடிக்க நேரம் பிடிக்கும். அதற்குள் நீர்மூழ்கி நகர்ந்துவிடும். குறி வைக்க வேண்டியது அது இருக்கும் இடத்துக்கு அல்ல, இருக்கப்போகும் இடத்துக்கு.

கையில் கிடைத்ததோ எதிரொலி மட்டும். கடலில் ஒலி நேர்க்கோட்டில் ஒழுங்காகப் போய்த் திரும்புவதில்லை. ஒரு எதிரொலி நீர்மூழ்கி முன்னே போனதாகச் சொல்லும், அடுத்தது பின்னே வந்ததாகச் சொல்லும். ஒவ்வொரு அளவையும் அப்படியே நம்பினால் குண்டு வீச்சு கோணம் தாறுமாறாக ஆடும். நம்பாமல் பழைய அளவுகளின் சராசரியிலேயே உட்கார்ந்திருந்தால், நீர்மூழ்கி திரும்பிவிட்டது தெரியவரும்போது அது தப்பித்திருக்கும். புதிய செய்தியை எவ்வளவு நம்புவது? பிரவுனின் முழுத் தலைவலியும் இந்தக் கேள்விதான்.

இன்று இருப்பதுபோல் கணிப்பொறி கிடையாது. கப்பலில் இருந்தது பந்து-தட்டு தொகுப்பி என்ற இயந்திரம். சுழலும் ஒரு எஃகுத் தட்டு, அதன்மேல் உட்காரும் பந்துகள், அந்தப் பந்துகளின் சுழற்சியை வாங்கிக்கொள்ளும் ஓர் உருளை. பந்து தட்டின் நடுவில் இருந்தால் உருளை அசையாது. விளிம்பை நோக்கி நகர நகர உருளை வேகமாகச் சுற்றும். உருளை மொத்தமாக எவ்வளவு சுற்றியிருக்கிறது என்பதே அதுவரை சேர்ந்த கூட்டுத்தொகை. இப்படிப்பட்ட இயந்திரத்தால் பழைய எதிரொலிகளைப் பட்டியல் போட்டு வைத்துக்கொள்ள முடியாது. அதற்கு நினைவே இல்லை. உருளை இந்தக் கணம் நிற்கும் நிலை ஒன்றுதான் அதன் சொத்து.

பிரவுன் கொண்டுவந்த மாதிரி இந்தக் குறைக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. இயந்திரம் தன் மதிப்பீட்டை வைத்திருக்கும். புதிய அளவு வரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு பங்கு மட்டும் மதிப்பீட்டைத் தள்ளும். மீதியை அது கண்டுகொள்ளாது. பழைய அளவுகள் எதையும் தனியாகச் சேமிக்க வேண்டியதில்லை, ஆனால் எல்லாவற்றின் சாயலும் அந்த ஒரே மதிப்பீட்டுக்குள் தேய்ந்து தேய்ந்து கிடக்கும். அதிலிருந்தே இலக்கின் வேகமும் குண்டு வீச வேண்டிய கோணமும் கணக்கிடப்பட்டன. போர் முடிந்ததும் இந்தக் கணக்கும் கப்பலோடு துறைமுகத்தில் ஒதுங்கியிருக்கலாம். கடற்படைக்கு வந்த இன்னொரு தலைவலி அதை ஒதுங்க விடவில்லை.

அந்தத் தலைவலி கிடங்கில் இருந்தது. கப்பல்களுக்கும் விமானங்களுக்குமான வால்வு, பேரிங், கேஸ்கெட் என்று உதிரிபாகங்கள் வகைவகையாகக் குவிந்திருந்தன. ஒவ்வொன்றும் அடுத்து எத்தனை தேவைப்படும் என்று தெரிந்தால்தான் ஆர்டர் போட முடியும். வழக்கமான வழி நகரும் சராசரி. கடந்த ஒரு வருடத்தின் 52 வாரத் தேவையைக் கூட்டி 52-ஆல் வகுக்க வேண்டும். அடுத்த வாரம் மிகப் பழைய வாரத்தைக் கழற்றிவிட்டுப் புதியதைச் சேர்க்க வேண்டும். ஒரு பொருளுக்கு இது சுலபம். ஆனால் கழற்றிவிட வேண்டிய வாரம் எது என்று தெரிய, 52 எண்களையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டுமே!

1950-களில் பரவலாகப் புழங்கிய ஐ.பி.எம். 650 கணிப்பொறியின் சுழலும் காந்த உருளையில் 2,000 எண்களுக்குத்தான் இடம். 40 பொருள்களுக்கு 52 வாரக் கணக்கை ஏற்றினாலே 2,080 ஆகி, உருளை நிரம்பி வழிந்துவிடும். இது தெரிந்தால், பிரவுன் தன் பழைய போர்க்காலக் கணக்கைக் கிடங்குக்கு இழுத்து வந்தது ஏன் அவ்வளவு பெரிய விடுதலையாக இருந்தது என்று புரியும். ஒரு பொருளுக்கு 52 எண்களுக்குப் பதில் ஒரே எண். வாரம் ஒருமுறை ஒரு கழித்தல், ஒரு பெருக்கல், ஒரு கூட்டல்.

புதிய முன்கணிப்பு = பழைய முன்கணிப்பு + α × (இந்த வாரத் தேவை − பழைய முன்கணிப்பு)

ஆல்பா என்பது 0-க்கும் 1-க்கும் நடுவில் ஓர் எண். அது 0.1 என்றால் இந்த வாரத் தேவைக்கு 10 சதவீதம் எடை. போன வாரத்துக்கு 9, அதற்கு முந்தியதற்கு 8.1, அதற்கும் முந்தியதற்கு 7.29 என்று எடை ஒவ்வொரு வாரமும் பத்தில் ஒரு பங்கு தேயும், ஆனால் ஒருபோதும் முழுதாக மறையாது. இப்படி அடுக்கடுக்காகத் தேய்வதால்தான் இதற்கு எக்ஸ்போனென்ஷியல் ஸ்மூத்திங் என்ற பெயர் நிலைத்தது. சேமிப்பிடம் மிச்சமாவதைப் பார்த்த கடற்படை, 1950-களில் தன் சரக்கு இருப்பு முறைகள் முழுவதிலும் இதைக் கொண்டுவந்தது. ஆர்தர் டி. லிட்டில் நிறுவனத்தில் இருந்த பிரவுன் 1956-ல் இதை அமெரிக்க ஆபரேஷன்ஸ் ரிசர்ச் சங்கத்தின் மாநாட்டில் முன்வைத்தார், 1959-ல் புத்தகமாகவும் எழுதினார். ஆனால் அதே வேளையில், அதே கடற்படையின் பணத்தில், வேறொருவர் தனியாக இதே பாதையில் நடந்துகொண்டிருந்தார்.

அவர் பெயர் சார்லஸ் ஹோல்ட். பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி தொழில்நுட்பக் கழகத்தில் இருந்தார். கூட இருந்தவர்கள் ஃபிராங்கோ மோதிலியானி, ஜான் மூத், ஹெர்பர்ட் சைமன். இவர்களில் இருவர் பின்னாளில் நோபல் பரிசு வாங்கினார்கள். இந்தக் குழு ஒரு பெயிண்ட் தொழிற்சாலையில் எவ்வளவு உற்பத்தி செய்வது, எவ்வளவு ஆளை வைத்துக்கொள்வது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கணக்குக்கு முதலில் தேவை பற்றிய முன்கணிப்பு வேண்டும். பெயிண்ட் வியாபாரத்துக்குப் பருவமும் உண்டு, வளர்ச்சியும் உண்டு. பிரவுனின் சாதாரணச் சூத்திரம் ஏறிக்கொண்டே போகும் தேவைக்கு எப்போதும் பின்தங்கியே ஓடும். ஹோல்ட் அதே தேய்மானத் தந்திரத்தை அடிமட்டத்துக்கு ஒன்று, ஏற்றத்துக்கு ஒன்று, பருவத்துக்கு ஒன்று என்று பிரித்துப் பயன்படுத்தினார். 1957-ல் கடற்படை ஆராய்ச்சி அலுவலகத்துக்கு ஓர் அறிக்கையாக எழுதிக் கொடுத்தார். அறிக்கை கோப்புக்குள் போனது. பத்திரிகையில் அச்சேறவில்லை.

இருவரிடமும் ஓர் ஓட்டை இருந்தது. ஆல்பா எத்தனை? பிரவுனின் நடைமுறை, 0.1-ஐ ஒட்டிய ஒரு சிறிய எண்ணை வைத்துக்கொள்வது. சராசரி வயதில் பார்த்தால் அது 19 வார நகரும் சராசரிக்குச் சமம், பெரும்பாலான சரக்குகளுக்குப் பழுதில்லை என்பது அவர் அனுபவம். இதைச் சோம்பல் என்று சொல்ல மாட்டேன். ஆயிரம் பொருள்களுக்கு, நூறு வாரத் தரவில், ஒன்பது விதமான ஆல்பாவை ஓட்டிப் பார்த்தால் 9 லட்சம் தடவை அந்தச் சூத்திரத்தைப் போட வேண்டும். அன்றைய இயந்திரங்களில் அதற்கான நேரத்தை யார் கொடுப்பார்கள்? ஆனாலும் எதிரொலியை எவ்வளவு நம்புவது என்ற 1944-ன் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை, ஊகம்தான் பதிலாக உட்கார்ந்திருந்தது.

1960-ல் கார்னகியிலேயே பீட்டர் விண்டர்ஸ் அந்த ஊகத்தை எழுப்பினார். ஹோல்ட்டின் முறையை உண்மையான விற்பனைத் தரவில் சோதித்தபோது, எடைகளை அனுபவசாலிகளிடம் கேட்காமல் தரவிடமே கேட்டார். நடந்து முடிந்த காலத்துக்குத் திரும்பிப் போய், ஒவ்வொரு கட்டத்திலும் அடுத்ததை முன்கணித்து, வந்த உண்மை எண்ணோடு ஒப்பிட்டு, எந்த எடைகளுக்குப் பிழை மிகக் குறைவோ அவற்றை எடுத்துக்கொள்வது அவர் வழி.

அது எப்படி வேலை செய்யும் என்று பார்க்க, கணக்குக்காக ஓர் உதிரிபாகத்தைக் கற்பனை செய்தால் போதும். பத்து வாரத் தேவை 52, 46, 54, 48, 50, 64, 58, 66, 60, 64. முதல் வாரத்துக்கான முன்கணிப்பு 50. ஆல்பாவை 0.5 என்று வைத்தால், முதல் வாரப் பிழை 2, அதில் பாதியைச் சேர்த்தால் இரண்டாம் வார முன்கணிப்பு 51. வந்ததோ 46, பிழை −5, அதில் பாதியைக் கழித்தால் மூன்றாம் வாரத்துக்கு 48.5. இப்படியே பத்து வாரமும் போக வேண்டும். ஒவ்வொரு பிழையையும் வர்க்கப்படுத்தி, கூட்டி, பத்தால் வகுத்தால் 35.8 வருகிறது. வர்க்கப்படுத்துவது எதற்கு என்றால், கூட்டல் பிழையும் கழித்தல் பிழையும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளாமல் இருக்கவும், ஒரு பெரிய தவறு பல சின்னத் தவறுகளைவிட அதிகமாக உறுத்தவும்தான். கிடங்கில் சரக்கு தீர்ந்துபோவது பெரிய தவறால்தானே!

அதே பத்து வாரத்தை ஆல்பா 0.1 வைத்து ஓட்டினால் பிழை 62. ஆறாம் வாரத்தில் தேவை திடீரென 64-க்கு ஏறிவிட்டது, ஆனால் முன்கணிப்பு பத்தாம் வாரத்திலும் 54-ஐத்தான் எட்டுகிறது. 0.9 வைத்தால் பிழை 44. இது வேகமாகப் பிடித்துவிடுகிறது, ஆனால் ஒவ்வொரு வாரத்தின் ஆட்டத்துக்கும் தானும் ஆடுகிறது. நடுவில் 0.4-க்கு 37.3, 0.6-க்கு 36. ஆக, இந்தப் பாகத்துக்கு ஆல்பா ஏறக்குறைய 0.5. விஷயம் முடிந்தது என்றுதான் தோன்றும்.

முடியவில்லை. முதல் ஐந்து வாரத்தை மட்டும் வைத்து இதே வேலையைச் செய்தால் 0.1-க்குப் பிழை 8.9, 0.5-க்கு 14, 0.9-க்கு 24.5. தீர்ப்பு தலைகீழ்! அதே பாகம், அதே சூத்திரம். ஐந்தாம் வாரக் கடைசியில் கணக்குப் போட்டவர் 0.1-ஐத் தேர்ந்தெடுத்திருப்பார், அடுத்த வாரமே ஏமாந்திருப்பார். ஆறாம் வாரத்தின் அந்த ஒரு தாவல்தான் ஆல்பாவை 0.5-க்குத் தூக்கியது. ஆல்பா என்ற எண் உண்மையில் எதை அளக்கிறது என்ற கேள்வியை இது கிளப்பிவிடுகிறது.

பதில் பக்கத்து மேஜையில் இருந்தது. அதே 1960-ல் ஜான் மூத், தேவையின் அடிமட்டம் தானும் வாராவாரம் சிறிது நகரும், அதன்மேல் நிலைக்காத ஆட்டமும் சேரும் என்று வைத்துக்கொண்டால், பிரவுனின் சூத்திரமே மிகச் சிறந்த முன்கணிப்பு என்று கணிதமாக நிறுவினார். ஒவ்வொரு வாரத்தின் ஆச்சரியத்திலும் இரண்டு பங்கு உண்டு. ஒன்று வந்து போவது: யாரோ ஒருவர் இரண்டு பெட்டி கூடுதலாக வாங்கியது. இன்னொன்று வந்து தங்குவது: புதிய வாடிக்கையாளர் சேர்ந்தது. தங்குகிற பங்கு அதிகமென்றால் ஆல்பா பெரிதாக வேண்டும், போகிற பங்கு அதிகமென்றால் சிறிதாக வேண்டும். போர்க்கப்பலில் கைப்பழக்கமாக இருந்த ஒன்றுக்கு அர்த்தம் கிடைத்தது. என் பார்வையில் இந்தக் கதையின் மிக அழகான திருப்பம் இதுதான்.

அர்த்தம் தெரிந்த பிறகு, எங்கே இடறும் என்பதும் தெரியத் தொடங்கியது. பிழை குறைந்த ஆல்பா 1-ஐ ஒட்டிப் போய் நின்றால், தேவையில் ஏற்றமோ பருவமோ ஒளிந்திருப்பதற்கான அறிகுறியாக அது இருக்கலாம். ஹோல்ட்டின் கூடுதல் எடைகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். சின்ன ஆல்பாவோடு ஆரம்ப முன்கணிப்பைத் தவறாக வைத்தால் அது லேசில் விடாது, 0.1 என்றால் பத்து வாரம் கழித்தும் ஆரம்ப எண்ணின் சாயல் 35 சதவீதம் மிச்சம் இருக்கும். எல்லாவற்றிலும் விஷமமானது விற்பனையைத் தேவையாக எண்ணிக்கொள்வது. சரக்கு தீர்ந்த வாரத்தில் விற்பனை பூஜ்யம் என்று பதிவாகும். சூத்திரம் அதைத் தேவை குறைந்ததாக எடுத்துக்கொண்டு முன்கணிப்பைக் கீழே இறக்கும், ஆர்டர் குறையும், அடுத்த வாரமும் சரக்கு தீரும். கணக்கு தன் தவறைத் தானே மெய்யாக்கும். பிழை குறைவாக இருப்பதாகவும் காட்டும். கண்டுபிடிக்க ஒரே வழி, பூஜ்யம் விழுந்த வாரங்களில் கையிருப்பு இருந்ததா என்று பதிவேட்டைப் புரட்டுவது.

ஆல்பாவை மனிதன் தேர்ந்தெடுக்கவே வேண்டாம் என்ற முயற்சியும் நடந்தது. 1967-ல் ட்ரிக், லீச் என்ற இருவர், பிழை ஒரே பக்கமாகச் சாயத் தொடங்கினால் ஆல்பா தானே பெரிதாகும்படி ஒரு முறையை வெளியிட்டார்கள். கேட்க அருமையாக இருந்தது. ஓட்டிப் பார்த்தால், வெறும் ஆட்டத்தைக்கூட மாற்றம் என்று நினைத்து முன்கணிப்பு குதித்தது. பழைய தரவில் ஒரே ஆல்பாவைப் பிழை பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வழியை அதனால் அசைக்க முடியவில்லை. ஆனால் அசைக்கக்கூடிய எதிராளி வேறு திசையிலிருந்து வந்துகொண்டிருந்தார்.

1970-ல் பாக்ஸ், ஜென்கின்ஸ் இருவரின் புத்தகம் வெளிவந்தது. புள்ளியியல் உலகம் அதை வாரி அணைத்துக்கொண்டது. அவர்களுடைய பெரிய குடும்பத்தில் பிரவுனின் சூத்திரம் ஒரு சின்னச் சிறப்பு நிலை, அவ்வளவுதான். கிடங்குக்காரர்களின் குறுக்குவழி என்ற பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. 1979-ல் ஸ்பைரோஸ் மக்ரிடாகிஸ், மிஷேல் இபோன் இருவரும் லண்டனின் ராயல் புள்ளியியல் சங்கத்தில் 111 தரவுத் தொடர்களை வைத்துக்கொண்டு, எளிய முறைகள் சிக்கலான முறைகளுக்குத் தோற்கவில்லை என்று காட்டினார்கள். அவையில் கடும் எதிர்ப்பு. சிக்கலான முறையில் குறையில்லை, இவர்களுக்குத்தான் அதைப் பயன்படுத்தத் தெரியவில்லை என்றுகூடச் சொன்னார்கள். மக்ரிடாகிஸ் வாதாடிக்கொண்டிருக்காமல் ஒரு போட்டி வைத்துவிட்டார்.

இம்முறை 1,001 தொடர்கள். ஒவ்வொரு முறையையும் அதில் கைதேர்ந்தவர்களே ஓட்டினார்கள். 1982-ல் முடிவு வந்தது. கிடங்கின் குறுக்குவழி, பெரிய மாதிரிகளோடு சரிக்குச் சரி நின்றது, பல இடங்களில் முந்தியது. அதற்குக் காரணமும் உண்டு. சிக்கலான மாதிரி கடந்த காலத்தின் வெறும் ஆட்டத்தையும் மனப்பாடம் செய்துகொள்ளும். ஒரே ஓர் ஆல்பாவை வைத்துக்கொண்டு அதிகமாக மனப்பாடம் செய்ய முடியாது. இதனால்தான், பழைய வாரங்களில் பிழையைக் குறைத்த ஆல்பாவைக் கடைசிச் சில வாரங்களை ஒதுக்கி வைத்து அவற்றில் மறுபடி சோதிப்பது வழக்கமானது. 0.5-க்கும் 0.6-க்கும் பிழை கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும்போது மூன்றாம் தசம இடத்துக்கு மல்லுக்கட்டுவதில் பயனில்லை என்பதும் அனுபவமானது.

கோப்புக்குள் போன ஹோல்ட்டின் 1957 அறிக்கை என்ன ஆயிற்று? ஊரெல்லாம் ஹோல்ட்-விண்டர்ஸ் முறை என்று சொல்லிக்கொண்டிருந்தது, மூல அறிக்கையைக் கண்ணால் பார்த்தவர்கள் மிகக் குறைவு. 47 வருடம் கழித்து, 2004-ல், இண்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப் ஃபோர்காஸ்டிங் இதழ் அதை அச்சிட்டது.

அதற்குள் அந்தக் கணக்கு எங்கெல்லாமோ போய்விட்டிருந்தது. மளிகை மொத்த வியாபாரியின் கணிப்பொறியில் அடுத்த வாரத்துக்கு எத்தனை பெட்டி சோப்பு என்று திரையில் வருகிற எண், மருந்துக் கிடங்கில் தானாக விழும் ஆர்டர், மேலாளர் காலையில் திறக்கும் எக்செல் தாளில் நீளும் கோடு, இவற்றில் பலவற்றின் அடியில் ஓடுவது நீர்மூழ்கிக்குக் குறி வைத்த அந்தச் சூத்திரம்தான். 2016-ம் ஆண்டின் எக்செல்லில் `FORECAST.ETS` என்ற பெயரில் அது உள்ளேயே வந்துவிட்டது. அடிமட்டம், ஏற்றம், பருவம் என்று ஹோல்ட்டும் விண்டர்ஸும் பிரித்த அதே மூன்றும் அதில் இருக்கின்றன. எடைகளை யாரும் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை.

2018-ல் மக்ரிடாகிஸின் நான்காவது போட்டி நடந்தது. தொடர்கள் 1,00,000. இயந்திரக் கற்றல் முறைகளும் களத்தில் இறங்கின. முதலிடம் பெற்றவர் அப்போது ஊபர் நிறுவனத்தில் இருந்த ஸ்லாவெக் ஸ்மில். அவர் எக்ஸ்போனென்ஷியல் ஸ்மூத்திங்கை நியூரல் நெட்வொர்க்கோடு சேர்த்துக் கட்டியிருந்தார். அந்த ஒரு லட்சம் தொடர்களுக்கும் தனித்தனி ஸ்மூத்திங் எடைகள், ஒவ்வொன்றும் முன்கணிப்புப் பிழையைக் குறைத்தே தேர்ந்தெடுக்கப்பட்டவை.